தூங்க மறுக்கும் பம்ப்

இரவு இரண்டு மணி. நான்கு மாடி அடுக்ககத்தில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனால் கீழே பம்ப் அறையில் மோட்டார் சன்னமாக முனகிக்கொண்டே இருக்கிறது. டிரைவின் சிறிய திரையில் 40 ஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. இருந்தாலும் பம்ப் சுழல்கிறது, விடியும்வரை சுழலும்.

மறுநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார். "என்னப்பா, ஆட்டோமேட்டிக்னு சொன்னீங்க, ராத்திரியெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு?" எலக்ட்ரீஷியன் திரையைத் தட்டிப் பார்ப்பார். "ஸ்லீப் போட்டுத்தான் சார் வெச்சிருக்கு, முப்பது ஹெர்ட்ஸ்ல." அவர் சொல்வது பொய்யில்லை. ஸ்லீப் வசதி இயக்கத்தில்தான் இருக்கிறது, 30 ஹெர்ட்ஸ் என்ற எண்ணும் பதிவாகியிருக்கிறது. அந்தக் கட்டடத்தில் அந்த எண் ஒருநாளும் வரப்போவதில்லை என்பதுதான் சிக்கல்.

ஏன் வராது என்று புரிந்துகொள்ள, இந்தப் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய முறையில் பம்புக்கு இரண்டே நிலைகள் உண்டு, ஓட்டம் அல்லது நிறுத்தம். குழாயில் அழுத்தம் 2 பாருக்குக் கீழே இறங்கினால் பிரஷர் சுவிட்ச் மோட்டாரைப் போடும், மூன்றரை பாரைத் தொட்டால் அணைக்கும். இடைப்பட்ட நேரத்தில் குளிப்பவரின் ஷவர் வலுத்தும் இளைத்தும் மாறிக்கொண்டே இருக்கும். மோட்டார் ஒவ்வொரு முறை நேரடியாகத் தொடங்கும்போதும் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கை ஒரு நொடி இழுக்கும். குழாய்களும் அதிரும்.

வி.எஃப்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிரைவ் இதை மாற்றியது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. டிரைவ் அதை வாங்கி நேர்மின்சாரமாக்கி, பிறகு வேண்டிய ஹெர்ட்ஸில் மறுபடி அலையவிடுகிறது. அலைவு குறைந்தால் மோட்டாரின் வேகம் குறையும். டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனம் 1968-இல் தொழிற்சாலை உற்பத்தியாகக் கொண்டுவந்த விஎல்டி 5 இந்த வகையின் முன்னோடி. அப்போது ஆலைகளுக்கு மட்டுமே கட்டுப்படியான பொருள், இன்று ஒரு டிபன் பாக்ஸ் அளவில் அடுக்கக பம்ப் அறைச் சுவரில் தொங்குகிறது.

குழாயில் ஒரு பிரஷர் சென்சார் பொருத்தியிருப்பார்கள். அது அழுத்தத்தை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக மாற்றி டிரைவுக்கு அனுப்பும். நாம் 3 பார் வேண்டும் என்று குறித்திருந்தால், அழுத்தம் அதற்குக் கீழே போகும்போது டிரைவ் வேகத்தைக் கூட்டும், மேலே போனால் குறைக்கும். காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கையில் 48 ஹெர்ட்ஸ், பதினொரு மணிக்கு ஒரே ஒரு வாஷிங் மெஷின் நிரம்பும்போது 41 ஹெர்ட்ஸ் என வேகம் மாறும். குழாயில் அழுத்தம் மட்டும் அசையாது.

(கணக்கு பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 4 மில்லிஆம்பியரில் தொடங்குவதில் ஒரு முன்ஜாக்கிரதை இருக்கிறது. சென்சார் வயரை எலி கடித்துவிட்டால் மின்னோட்டம் பூஜ்ஜியமாகிவிடும். அழுத்தம் இல்லாததற்கு 4, வயரே இல்லாததற்கு 0 என்று டிரைவால் பிரித்தறிய முடியும். பூஜ்ஜியத்தில் தொடங்கும் சென்சாராக இருந்தால், தண்ணீர் வரவில்லை என்று நினைத்து டிரைவ் முழு வேகத்தில் பாயும்.)

இப்போது எல்லாக் குழாய்களும் மூடப்பட்டால் என்ன நடக்கும்? டிரைவ் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய் கடைசியில் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி நடப்பதில்லை.

கணக்குக்காக அந்த நான்கு மாடிக் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். மேல்மாடிக் குழாய் பம்பிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் என்பதால், தண்ணீரை அங்கே ஏற்றவே 1.2 பார் போய்விடும். ஷவர் நன்றாகப் பொழிய ஒன்றரை பார், குழாய் உராய்வுக்கு 0.3 பார் சேர்த்தால் 3 பார் வரும். அதுதான் டிரைவில் குறிக்கும் இலக்கு. பம்ப் சம்பிலிருந்து உறிஞ்சுகிறது. சம்ப் அடிமட்டத்தில் இருக்கும்போது தண்ணீர் பம்புக்கு 2 மீட்டர் கீழே இருக்கும். எனவே பம்ப் மொத்தமாகத் தள்ள வேண்டிய உயரம் 32 மீட்டர். பொருத்தியிருப்பது ஒன்றரை ஹெச்.பி. மல்ட்டி-ஸ்டேஜ் பம்ப். அது முழு வேகத்தில் ஓடும்போது வெளிவழியை மூடினால் 50 மீட்டர்வரை அழுத்தம் காட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

சுழலும் பம்பின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் கால் பங்காகிவிடும். 40 ஹெர்ட்ஸ் என்பது முழு வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு, அதன் இருமடி 0.64. 50 மீட்டரில் 0.64 பங்கு சரியாக 32 மீட்டர். அதாவது ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே போகாமல், குழாயில் 3 பாரை வெறுமனே தாங்கிப் பிடிக்கவே இந்தப் பம்ப் 40 ஹெர்ட்ஸில் சுழன்றாக வேண்டும். 30 ஹெர்ட்ஸில் அதன் வலு 18 மீட்டர்தான். அந்த வேகத்துக்கு இறங்கினால் குழாயின் அழுத்தம் இலக்கைவிடக் குறைந்துவிடும் என்று டிரைவ் உடனே வேகத்தைக் கூட்டும். எனவே எல்லாக் குழாய்களும் மூடிய நள்ளிரவிலும் திரையில் 40 நிற்கிறது. '30-க்குக் கீழே வந்தால் தூங்கு' என்ற கட்டளை நிறைவேற வழியே இல்லை.

இப்படி விட்டால் என்ன கெடும்? மின்சாரம் வீணாவது முதல் விஷயம், ஆனால் அது பெரிய விஷயமில்லை. தண்ணீர் போக்கிடம் இல்லாமல் பம்புக்குள்ளேயே சுழன்று சூடாவதுதான் ஆபத்து. இந்த அளவுப் பம்பில் ஏறத்தாழ 300 வாட் ஆற்றல் அப்படியே வெப்பமாக மாறும் என்று கொள்ளலாம். உள்ளே நிற்பது 2 லிட்டர் தண்ணீர் என்றால் கணக்குப்படி நிமிடத்துக்கு 2 டிகிரி ஏற வேண்டும். இரும்பு உடலும் அறைக் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் உண்மையில் அவ்வளவு வேகமாக ஏறாது. எங்காவது ஒரு ஃப்ளஷ் டேங்க் கசிந்தால் அந்தக் கசிவே பம்பைக் குளிரவைத்துக்கொண்டிருக்கும். கசிவே இல்லாத, ஒழுங்காகப் பராமரிக்கப்படும் கட்டடத்தில்தான் பம்ப் கொதிக்கும், வேடிக்கைதான். முதலில் பழுதாவது தண்டைச் சுற்றி நீர் கசியாமல் காக்கும் மெக்கானிக்கல் சீல். காலையில் பம்பின் உடலைத் தொட்டால் சுடுகிறது, முதலில் குழாயைத் திறப்பவருக்கு வெந்நீர் வருகிறது என்றால் பம்ப் இரவெல்லாம் தூங்கவில்லை.

ஆகவே ஸ்லீப் அளவை எந்தக் கையேட்டிலிருந்தும் எடுத்துப் போட முடியாது. அது அந்தப் பம்புக்கும் அந்தக் கட்டடத்துக்கும் மட்டுமே உரிய எண். கண்டுபிடிப்பது கடினமில்லை. சென்சாரும் பிரஷர் டேங்கும் பம்ப் பக்கம் இருக்கும்படி, அவற்றுக்கு அப்பால் மாடிகளுக்குப் போகும் பிரதான வால்வை மூட வேண்டும். பம்பை ஓடவிட்டு, திரையில் ஹெர்ட்ஸ் ஓரிடத்தில் நிலைக்கும்வரை ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்தால் போதும். நின்ற எண்தான் அந்தப் பம்பின் சும்மா ஓடும் வேகம். அதற்குச் சற்று மேலே ஸ்லீப் அளவைக் குறிக்க வேண்டும். கூடவே ஒரு தாமதமும் வேண்டும், அந்த அளவுக்குக் கீழே தொடர்ந்து இருபது, முப்பது நொடி இருந்தால் மட்டுமே தூங்கலாம் என்று. தாமதம் இல்லாவிட்டால் யாராவது குழாயைச் சட்டென மூடியதும் அழுத்தம் ஒரு கணம் எகிறும், டிரைவ் வேகத்தை வெட்டும், அந்தக் கண நேரச் சரிவையே ஓய்வு என்று எண்ணி மோட்டார் நின்றுவிடும்.

இன்னொன்று. புதிதாக வாங்கிய டிரைவில் இந்த வசதி பெரும்பாலும் தானாக வேலை செய்யாது. ஏபிபி நிறுவனத்தின் ஏசிஎஸ்580 டிரைவில் 40.43 என்ற எண்ணுக்குப் போனால் `Set 1 sleep level` என்று வரும். அங்கே பூஜ்ஜியம் இருந்தால் ஸ்லீப் அணைந்திருக்கிறது என்று பொருள். தாமதம் அதற்கு அடுத்த 40.44-இல் இருக்கிறது.

சரி, 40-க்குச் சற்று மேலே 41 என்று வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் கைதேர்ந்தவர்களும் தடுமாறுகிறார்கள்.

பம்பின் இயல்பு என்னவென்றால், சிறிய ஓட்டத்தில் அதன் அழுத்தம் அதிகம் குறையாது. வரைபடத்தில் கோடு இடது ஓரத்தில் கிட்டத்தட்டப் படுத்திருக்கும். அதனால் தண்ணீரே போகாத நிலைக்கும் ஓரளவு போகிற நிலைக்கும் ஹெர்ட்ஸில் தெரியும் வேறுபாடு மிகச் சிறியது. நம் கட்டடத்தில் 40 ஹெர்ட்ஸில் ஓட்டம் பூஜ்ஜியம். 41 ஹெர்ட்ஸில் அது நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டராகிவிடும். மூன்று ஷவர்கள் ஒரே நேரத்தில் ஓடுகிற அளவு அது. ஒரு ஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் மூன்று பேர் குளித்துக்கொண்டிருக்க, 41-ஐ ஸ்லீப் அளவாக வைத்த டிரைவ் அவர்களை யாருமில்லை என்று கணக்கிடும்.

சம்ப் நிரம்பினால் நிலைமை இன்னும் மோசமாகும். தண்ணீர் மட்டம் பம்ப் அளவுக்கு உயர்ந்துவிட்டால் அந்த 2 மீட்டர் உறிஞ்சல் வேலை மிச்சம். சும்மா ஓடும் வேகம் 38.7-க்கு இறங்கிவிடும். 41-இல் நிற்கும் ஸ்லீப் அளவு இப்போது நிமிடத்துக்கு 45 லிட்டருக்கு ஈடாகிறது. தண்ணீர் லாரி வந்துபோன மாலை வேளைகளில் மட்டும் ஷவர் தகராறு செய்கிறது என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டாம், அதற்கு இப்படியொரு காரணம் இருக்கலாம்.

இந்தக் கோளாறின் அடையாளம் அதன் தாளம். ஷவர் அரை நிமிடம் நன்றாக வரும், பிறகு ஓரிரு நொடியில் இளைக்கும், உடனே மீண்டும் வலுக்கும், இன்னொரு அரை நிமிடம் கழித்து மறுபடியும் இளைக்கும். தாமதத்துக்குக் குறித்த நொடிகளும் இந்த இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். டிரைவ் குளிப்பவரின் நடுவே தூங்கப்போகிறது.

அளவை 40.2, 40.3 என்று இழைத்து வைப்பது ஒரு வழி. ஆனால் சம்ப் மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் அது நிலைக்காது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து எடுத்து மேல்மாடிக்கு மட்டும் அழுத்தம் கூட்டும் பூஸ்டரில் உறிஞ்சும் பக்கம் அதிகம் மாறாது, அங்கே பரவாயில்லை. மற்ற இடங்களில் ஹெர்ட்ஸை மட்டும் நம்பாத டிரைவ்தான் வேண்டும். சில டிரைவ்கள் மோட்டார் இழுக்கும் மின்திறனைப் பார்க்கின்றன. தண்ணீர் போகாதபோது மோட்டாருக்குச் சுமை குறைவு என்பதால் அது ஹெர்ட்ஸைவிடத் தெளிவான சாட்சி. டிரைவை மோட்டாரின் தலையிலேயே சுமக்கும் கிரண்ட்ஃபாஸ் ஈ-வகைப் பம்புகள் வேறொரு தந்திரம் செய்கின்றன. அவ்வப்போது வேகத்தைச் சிறிது குறைத்து அழுத்தத்தைக் கவனிக்கும். யாராவது தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தால் அழுத்தம் உடனே விழும், பம்ப் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். விழாமல் நின்றால் யாரும் எடுக்கவில்லை, தூங்கலாம்.

தூங்கியாயிற்று. இனி எழுவது எப்போது?

பம்ப் நின்றதும் நான்-ரிட்டர்ன் வால்வு மூடிக்கொள்ளும். குழாய்களில் உள்ள தண்ணீர் 3 பார் அழுத்தத்தோடு சிறைப்பட்டு நிற்கும். ஆனால் தண்ணீர் சுருங்கி விரியும் பொருளல்ல. கால் தம்ளர் எடுத்தாலும் அழுத்தம் சரிந்துவிடும். அந்தச் சரிவைத் தாங்கத்தான் பக்கத்தில் பிரஷர் டேங்க் இருக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் பை இருக்கும், பைக்குள் தண்ணீர், பைக்கு வெளியே அடைத்த காற்று. குழாயைத் திறந்தால் காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளும். அழுத்தம் மெல்ல இறங்கி, நாம் குறித்த வேக்-அப் அளவைத் தொட்டதும் டிரைவ் மோட்டாரை எழுப்பும்.

இலக்கு 3 பார், வேக்-அப் 2.5 பார், டேங்க் 24 லிட்டர், அதில் முன்னமே அடைத்த காற்று 2.2 பார் என்று வைத்துக்கொள்வோம். 24 லிட்டர் டேங்க் 24 லிட்டர் தண்ணீர் தரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி வேறு கணக்குச் சொல்கிறது. காற்றின் கன அளவும் அழுத்தமும் ஒன்று கூட மற்றது அதே விகிதத்தில் குறையும். வெளிக் காற்றின் 1 பாரையும் சேர்த்துக் கணக்கிட்டால், 3 பாரில் பைக்குள் 4.8 லிட்டர் தண்ணீர் இருக்கும், 2.5 பாரில் 2.1 லிட்டர். ஆக, பம்ப் எழும் முன் கையில் கிடைப்பது 2.7 லிட்டர்தான்.

அது போதுமா? யாராவது குளிக்க வந்தால் போதாது, பம்ப் எழத்தான் வேண்டும், எழட்டும். இந்த 2.7 லிட்டரின் வேலை வேறு. நள்ளிரவில் ஒருவர் கை கழுவ அரை லிட்டர் எடுக்கிறார், இன்னொருவர் ஒரு சொம்பு பிடிக்கிறார். அதற்கெல்லாம் மோட்டார் எழாமல் இருப்பதற்காகத்தான் இந்தச் சிறு சேமிப்பு. எங்கோ ஒரு ஃப்ளஷ் டேங்க் நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தால் இந்தச் சேமிப்பு 27 நிமிடம் தாங்கும். டேங்க் இல்லாத இடத்தில் அதே கசிவுக்குப் பம்ப் சில நொடிக்கு ஒருமுறை எழுந்து எழுந்து படுக்கும்.

சேமிப்பைக் கூட்ட நல்ல வழி ஒன்று உண்டு. தூங்கப்போகுமுன் டிரைவ் தன் இலக்கைக் கொஞ்ச நேரத்துக்கு உயர்த்திக்கொள்ளும், 3-க்குப் பதில் 3.3 பார் என்று. கூடுதல் தண்ணீர் டேங்குக்குள் போய்ச் சேர்ந்த பிறகே மோட்டார் நிற்கும். திரையில் `boost` என்ற பெயரோடு இது வரும். 2.7 லிட்டர் இதனால் 4 லிட்டருக்கு மேலே போய்விடும். ஒரு ரூபாய் செலவில்லாமல் டேங்க் ஒன்றரை மடங்கு பெரிதானதற்குச் சமம். பலர் இதைத் தொடுவதே இல்லை என்பது வியப்புதான்.

வேக்-அப் அளவை எவ்வளவு கீழே வைக்கலாம் என்பது பேரம். 2.9 என்று இலக்குக்கு ஒட்டி வைத்தால் பம்ப் அடிக்கடி எழும். 1.8 என்று தாராளமாக வைத்தால் நிறைய நேரம் தூங்கும், ஆனால் மேல்மாடியில் 1.2 பார் உயரத்துக்கே போய்விடுவதால் குழாயைத் திறந்தவருக்கு மிஞ்சுவது அரை பாருக்குச் சற்று மேலே. கீசரும் குளிர்நீரும் கலக்கிற ஷவரில் அந்தக் கண நேரத் தொய்வு வெப்பத்தில் தெரியும். 0.3 முதல் 0.5 பார் வரையிலான இறக்கம் இந்த மாதிரிக் கட்டடத்துக்குப் பொருந்தும்.

இந்த இறக்கத்தை எப்படி எழுதுவது என்பதில் டிரைவ்களிடையே ஒற்றுமை இல்லை. ஏசிஎஸ்580-இல் 40.47, `Set 1 wake-up deviation`, இலக்கிலிருந்து எவ்வளவு இறங்கலாம் என்பதை அழுத்த அலகிலேயே கேட்கிறது, 0.5 என்று போட வேண்டும். டான்ஃபாஸ் விஎல்டி அக்வா டிரைவில் 22-44, `Wake-up Ref./FB Difference`, அதை இலக்கின் சதவீதமாகக் கேட்கிறது. வேறு சில சிறிய டிரைவ்களில் வேக்-அப் அழுத்தத்தையே நேராக எழுத வேண்டும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் 2.5 என்று போட்டால், 2.5 பார் இறங்கும்வரை பம்ப் எழாது, மேல்மாடியில் சொட்டுத் தண்ணீர் வராது.

டேங்கின் காற்றழுத்தம் வேக்-அப் அளவைவிட 0.2, 0.3 பார் குறைவாக இருக்க வேண்டும். இங்கே நடக்கும் தவறு அமைதியானது, கண்ணில் படாது. காற்றை 3 பார் அடைத்துவிட்டால், இலக்கை எட்டினாலும் பைக்குள் தண்ணீர் நுழையவே நுழையாது. டேங்க் சுவரோரம் அழகாக நிற்கும், வேலை மட்டும் செய்யாது. சில ஆண்டுகளில் காற்று மெல்லக் கசிந்து ஒன்றுமில்லாமல் போனாலும் அதே கதி. 2.7 லிட்டர் முக்கால் சொச்ச லிட்டராகச் சுருங்கிவிடும். சோதிக்க கார் டயருக்குக் காற்று பார்க்கும் கேஜ் போதும், டேங்கில் இருப்பது கார் டயரில் உள்ள அதே வகை வால்வுதான். ஆனால் பம்பை அணைத்து, டேங்கில் உள்ள தண்ணீரை முழுவதும் வடித்த பிறகே அளக்க வேண்டும். தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கையில் அளந்தால் கேஜ் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் காட்டும். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும்.

சென்சார் இருக்கும் இடமும் முக்கியம். அது நான்-ரிட்டர்ன் வால்வுக்கு அப்பால், மாடிக்குப் போகும் பக்கம், டேங்குக்கு அருகில் இருக்க வேண்டும். இடம் வசதியாக இருக்கிறதென்று பம்புக்கும் வால்வுக்கும் நடுவே பொருத்திவிட்டால், மோட்டார் நின்றதும் அந்தச் சின்னத் துண்டுக் குழாயில் அழுத்தம் சரிந்துவிடும். மாடிக் குழாய்களில் 3 பார் பத்திரமாக இருக்கும், சென்சாருக்குத் தெரியாது. பம்ப் தூங்கிய மறுகணமே எழும்.

சென்சாரின் அளவெல்லை டிரைவில் தவறாகப் பதிவாகியிருந்தால் வேறுவிதக் குழப்பம். சென்சார் 16 பார் வரை அளப்பது, டிரைவிலோ 10 பார் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 3 பார் என்று காட்டும்போது குழாயில் உண்மையில் 4.8 பார் இருக்கும். பம்ப் முழு வேகத்தை ஒட்டி ஓடும், தூங்கவும் தூங்காது, பழைய குழாய் இணைப்புகளும் ஃப்ளஷ் டேங்க் வால்வுகளும் ஒவ்வொன்றாகக் கசியத் தொடங்கும். குழாயில் ஒரு சாதாரண பிரஷர் கேஜ் பொருத்தி, அதன் முள்ளையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பம்ப் இரவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுகிறது என்றால், தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முன்பு சொன்ன பிரதான வால்வே உதவும். பம்ப் தூங்கியபின் அந்த வால்வை மூடிவிட்டு கேஜைக் கவனிக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் பம்ப் அறையில் குறையில்லை, கசிவு மாடிகளில் இருக்கிறது. ஃப்ளஷ் டேங்குகளிலிருந்து தேடத் தொடங்கலாம். இரவில் கழிப்பறைக் கோப்பையின் பின்சுவரில் மெல்லிய நீர்க்கோடு ஓடுகிறதா என்று பார்ப்பதும், டேங்கில் சொட்டு நீலமோ மஞ்சளோ கலந்து கோப்பைக்கு வருகிறதா என்று பார்ப்பதும் பழைய பிளம்பர்களின் வழி. வால்வை மூடியும் முள் இறங்கினால் குற்றவாளி பெரும்பாலும் நான்-ரிட்டர்ன் வால்வு. அதன் வாயில் ஒரு மணல் துகளோ டெஃப்லான் டேப்பின் நூலோ சிக்கிக்கொண்டால் போதும், தண்ணீர் பம்ப் வழியாகப் பின்னோக்கிச் சம்புக்கே திரும்பிவிடும். அப்படிப் போகும்போது சில பம்புகளின் தண்டு பின்புறமாக மெல்லச் சுழல்வதை விசிறி மூடியின் இடுக்கில் பார்க்கலாம்.

சம்ப் வறண்டுபோனால் பம்பைக் காப்பது ஸ்லீப்பின் வேலையல்ல, பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டால் அழுத்தம் வராது, அழுத்தம் வராததால் டிரைவ் 50 ஹெர்ட்ஸுக்கு ஏறும், தூங்கும் வேகத்தின் பக்கமே வராது. அதற்குச் சம்பில் ஒரு மிதவை சுவிட்ச் தனியாக வேண்டும், அல்லது முழு வேகத்தில் ஓடியும் அழுத்தம் எழாவிட்டால் நிறுத்து என்ற தனிக் கட்டளை வேண்டும்.

நூறு, இருநூறு வீடுகள் கொண்ட வளாகங்களிலும் மருத்துவமனைகளிலும் கதை வேறு. அங்கே எந்த நேரத்திலும் யாராவது தண்ணீர் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், ஓட்டம் பூஜ்ஜியமாவதே அபூர்வம். பெரிய பம்பைத் தூங்கவைக்க எண்களைத் திருகிக்கொண்டிருப்பதில் அங்கே பயனில்லை. இரண்டு மூன்று பெரிய பம்புகளோடு ஒரு சிறிய பம்பையும் சேர்த்து வைப்பார்கள், ஜாக்கி பம்ப் என்று அதற்குப் பெயர். இரவு பதினொன்றுக்கு மேல் பெரியவை நின்றுவிட, கசிவையும் கை கழுவலையும் அந்தச் சின்னது ஒன்றே விடியும்வரை பார்த்துக்கொள்ளும். அதற்கு மட்டும் ஸ்லீப் அளவைக் குறித்தால் போதும், அதுவும் அதன் வால்வை மூடிப் பார்த்த பிறகு.